ஷோ போட்டோவில் லாப்ரடார்: காது, வால், முதுகு

லாப்ரடார் குட்டி வாங்கப் போகிறவர்கள் கையில் முதலில் வந்து சேர்வது தாய் நாயின் டாக் ஷோ போட்டோதான். அதில் பாதி நாயின் எலும்பமைப்பு, பாதி ஹேண்ட்லரின் கைவேலை. இரண்டையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் அந்த நாயை ஸ்டாண்டர்டோடு ஒப்பிட முடியும்.

எஃப்.சி.ஐ. அமைப்பின் 122-ம் எண் ஸ்டாண்டர்ட், லாப்ரடாருக்கு உரியது. காது பெரிதாகவோ கனமாகவோ இல்லாமல், தலையை ஒட்டித் தொங்க வேண்டும். அதன் அடி சற்றுப் பின்தள்ளி இருக்க வேண்டும். டாப்லைன் எனப்படும் முதுகுக் கோடு மட்டமாக இருக்க வேண்டும். வால் அடியில் நல்ல தடிமனாகத் தொடங்கி, நுனி நோக்கிச் சிறுத்துப் போக வேண்டும். உற்சாகத்தில் வாலைத் தூக்கலாம், முதுகின் மேல் சுருட்டக் கூடாது.

நண்பர் ஒருவர் அண்மையில் அனுப்பிய போட்டோவில், மஞ்சள் நிறப் பெண் நாய் ஒன்று பக்கவாட்டில் நிற்கிறது. தோள் உச்சியிலிருந்து வால் அடி வரை முதுகு பின்பக்கமாகச் சரிவதாகத் தெரிந்தது. “டாப்லைன் தப்புதானே?” என்று கேட்டார்.

முதுகைப் பார்க்கும் முன் நான் பார்த்தது, பின்னால் இருந்த ஷாமியானா கம்பத்தை. அது சாய்ந்திருந்தால் கேமராவே சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தோள் உச்சிக்கும் வால் அடிக்கும் இடையே ஏறத்தாழ 50 செ.மீ. இருக்கும் நாயில், படம் 3 டிகிரி சாய்ந்தாலே இரண்டு முனைகளுக்கும் இடையே இரண்டரை செ.மீ. உயர வித்தியாசம் தோன்றிவிடும். இங்கே கம்பம் நேராகத்தான் இருந்தது. அடுத்து, போட்டோ எடுத்தவர் எங்கே நின்றார் என்று பார்க்க வேண்டும். தலைப்பக்கமாக நின்று, பக்கத்திலிருந்து செல்போனில் எடுத்தால் முன்பாதி பெருத்து, பின்பாதி தாழ்ந்து தெரியும். முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவிலுள்ள நெஞ்சு கண்ணில் படுகிறதென்றால், அது நேர்ப் பக்கவாட்டுப் படம் அல்ல. இந்தப் படத்தில் அந்தக் குறையும் இல்லை.

விஷயம் பின்னங்காலில் இருந்தது. ஹாக் மூட்டிலிருந்து பாதம் வரையுள்ள பகுதி, நாய் சரியாக நிற்கும்போது தரைக்குச் செங்குத்தாக இருக்கும். இந்த நாயின் பாதத்தை ஹேண்ட்லர் அதற்கும் பின்னால் இழுத்து வைத்திருந்தார். அப்படி வைத்தால் இடுப்பு தானாகத் தாழும், மட்டமான முதுகும் சரிந்து தோன்றும். பாதத்தை வயிற்றுக்கடியில் தள்ளி வைத்தால் இதற்கு நேர்மாறு: இடுப்பு உயர்ந்து, முதுகு வளைந்து தெரியும். ஆகவே இந்தப் படத்தை வைத்து டாப்லைன் தப்பு என்று சொல்ல முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது.

வாலைப் பொறுத்தவரை பலரும் நுனி எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்கள். நுனியின் உயரம் நாயின் மனநிலையையும் ஹேண்ட்லரின் விரலையும் பொறுத்தது. பார்க்க வேண்டியது வால் முதுகை விட்டுப் புறப்படும் இடம். முதுகெலும்பின் கடைசிப் பகுதிதான் வாலாக நீள்வதால், இடுப்பின் பின்பகுதி செங்குத்தாகச் சரிந்த நாய்க்கு வால் அடியும் தாழ்ந்தே இருக்கும். இந்தப் படத்தில் வாலை ஹேண்ட்லர் நேராகப் பிடித்திருந்தார். அவருடைய கை அடியை மறைத்தது.

எனவே அதே நாய் டிராட் ஓடும் படத்தைக் கேட்டு வாங்கினேன். ஓடும் நாயை யாரும் பிடித்து நிறுத்திச் சரிசெய்ய முடியாது. அதில் முதுகு மட்டமாக இருந்தது. வாலும் முதுகின் நீட்சியாகவே புறப்பட்டது. இரண்டிலும் குறை சொல்ல எதுவும் இல்லை.

காதுதான் எனக்குத் திருப்தி தரவில்லை. நிற்கும் படத்தில் ஹேண்ட்லர் கையில் தீனி இருந்தது. தீனியைப் பார்த்து நாய் உஷாராகும்போது காதின் அடி மேலேறி முன்னுக்கு வரும், அதனால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வெயிலில் களைத்த நாய் காதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும், அதுவும் உதவாது. வாயை மூடி, எதையும் உற்றுப் பார்க்காமல் நிற்கும் படம் வேண்டும். ரிங்குக்கு வெளியே எடுத்த அப்படியொரு படத்திலும் காதின் அடி கண் மட்டத்துக்கு நன்கு மேலே, மண்டையின் முன்பக்கம் தள்ளியே இருந்தது. அமெரிக்க ஸ்டாண்டர்ட் இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறது: கண் மட்டத்துக்குச் சற்றே மேல், முன்னுக்கு இழுத்தால் காது கண்ணின் உள்முனை வரை எட்ட வேண்டும். நீளத்தைப் போட்டோவில் அளக்க வழியில்லை. இருப்பிடம் தெளிவாகத் தெரிந்தது.

வேட்டைக்கோ வீட்டுக்கோ இது குறையே அல்ல. ஆனால் லாப்ரடாருக்கே உரிய முகம் கொஞ்சம் மாறிப்போகும், ஷோவில் நிறுத்தும்போது நடுவர் கண்ணில் படும். நண்பர் இதன் குட்டியை வாங்கி ரிங்கில் நிறுத்த நினைப்பதால், தகப்பன் நாயின் தலைப்படத்தையும் வாங்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்: தீனி காட்டாமல், கழுத்துப் பட்டையை மேலே இழுக்காமல், கண் உயரத்தில் எடுத்த படம்.