சொல்லாததையும் எழுதும் இயந்திரம்

ஈரோடு பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் என் அண்ணிக்கு ஒரு வெப்சைட் தேவைப்பட்டது. தானாகவே பக்கங்களை எழுதித் தரும் ஒரு சேவையில் உட்கார்ந்தோம். அது கேட்டது நான்கே கேள்விகள்: கடையின் பெயர், தொழில், ஊர், வாடிக்கையாளர் யார். பதில் தட்டிய இரண்டு நிமிடத்தில் முகப்பு, 'எங்களைப் பற்றி', பொருட்கள், தொடர்பு என நான்கு பக்கங்கள் பளபளவென்று வந்து நின்றன.

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "தம்பி, மூணு தலைமுறையா நடத்துறோம்னு போட்டிருக்கு. நான் செக்கு போட்டே ஆறு வருஷந்தானே ஆச்சு? இதை யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. இந்தச் சேவைகளில் பக்கத்தின் அச்சு முன்பே தயாராக இருக்கும்: இங்கே ஒரு வரலாறு, அங்கே நான்கு பெரிய எண்கள், கீழே மூன்று வாடிக்கையாளர் கருத்துகள். எந்தக் கட்டமும் காலியாக நிற்கக் கூடாது. நம் பதிலில் சரக்கு இல்லாத இடத்தில், இப்படிப்பட்ட கடைகளின் பக்கங்களில் வழக்கமாக என்ன இருக்குமோ அதை இயந்திரம் இட்டு நிரப்பிவிடுகிறது. எழுத்துப்பிழை இராது, நடையும் சரளமாக இருக்கும். அதனால்தான் பொய் கண்ணில் படுவதில்லை.

நாங்கள் கண்ட வழி எளியது. நான்கு பக்கங்களையும் பிரின்ட் எடுத்தோம். அண்ணி வாயால் சொல்லாத ஒவ்வொரு தகவலின் கீழும் சிவப்பு மையில் கோடு. 'ஐந்நூறுக்கும் மேற்பட்ட மகிழ்ச்சியான குடும்பங்கள்', கோடு. சென்னையிலிருந்து யாரோ ஒருவர் எழுதியதாக ஐந்து நட்சத்திரப் பாராட்டு, கோடு. 'கொலஸ்ட்ராலைக் குறைக்கும், மூட்டு வலியைப் போக்கும்', இரட்டைக் கோடு.

கடைசி இரண்டும் அழகுப் பிரச்சினை அல்ல, சட்டப் பிரச்சினை. இல்லாத வாடிக்கையாளரின் பாராட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம் என்ற புகாருக்கு இடம் தரும். அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் தடுக்கின்றன. எழுதியது இயந்திரம்தான் என்றாலும், பக்கம் கடைக்காரர் பெயரில்தான் இருக்கிறது. அந்தக் கட்டங்களை அப்படியே நீக்கினோம். அந்த இடத்தில் கடையின் 14 இலக்க உணவு உரிம எண்ணைப் போட்டோம்.

அடுத்தது வார்த்தை. தமிழ்ப் பக்கத்தில் 'குளிர் அழுத்தப்பட்ட எள் எண்ணெய்' என்று இருந்தது. ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதியதன் அடையாளம் அது. நம் ஊரில் யாரும் அப்படிக் கேட்டு வாங்குவதில்லை, கூகுளிலும் தேடுவதில்லை. 'மரச்செக்கு நல்லெண்ணெய்' என்று மாற்றினோம். உலாவியின் தாவலிலும் தேடல் முடிவிலும் தெரிகிற தலைப்பு வெறும் `Home` என்று கிடந்தது. அமைப்புகளில் போய் அதைப் பொருளின் பெயர், ஊர், கடைப்பெயர் என்று திருத்தினோம். படத்தையும் உற்றுப் பார்த்தால், கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது எள் அல்ல, ஆலிவ் காய். அண்ணியின் செக்கையே செல்போனில் படமெடுத்துப் போட்டோம்.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று இன்னும் இருந்தது. மாதிரிக்குப் போட்டிருந்த போன் நம்பரை நாங்கள் மாற்றிவிட்டோம். திரையிலும் சரியான நம்பர்தான் தெரிந்தது. ஆனால் செல்போனில் அதைத் தொட்டால் பழைய மாதிரி நம்பருக்கே போனது. கண்ணுக்குத் தெரியும் எழுத்து வேறு, அதன் பின்னால் இருக்கும் இணைப்பு வேறு. இரண்டையும் தனித்தனியே திருத்த வேண்டும். வாட்ஸ்அப் பொத்தானும் அப்படித்தான். அதன் இணைப்பு இந்த வடிவில் இருக்க வேண்டும்:

```
https://wa.me/91XXXXXXXXXX
```

கூட்டல் குறி, இடைவெளி, முன்னால் பூஜ்யம் எதுவும் கூடாது. தொடர்புப் படிவத்தை வேறொருவர் போனிலிருந்து நிரப்பி அனுப்பிப் பாருங்கள். மெயில் உங்களுக்கு வந்ததா, ஸ்பேமில் விழுந்ததா என்று பார்க்காமல் பக்கத்தை வெளியிட வேண்டாம்.

கோடு போட்டதையெல்லாம் நீக்கியபின் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் மிஞ்சியது ஒன்றரை வரி. "சரி, நீங்களே சொல்லுங்க அண்ணி" என்றேன். வாகை மரச் செக்கு, எள்ளோடு சேர்க்கும் கருப்பட்டி, ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளிய விடுவது, செவ்வாயும் வெள்ளியும் மட்டும் எள் ஆட்டுவது என்று பேசிக்கொண்டே போனார். அதை ஒரு முழுப் பக்கமாக எழுதி, அதே கேள்விகளுக்குப் பதிலாகக் கொடுத்து மறுபடி ஓட்டினோம். மறுபடி பிரின்ட், மறுபடி சிவப்புப் பேனா.

இந்த முறை நான்கு பக்கங்களுக்கும் சேர்த்து ஐந்து கோடுதான் விழுந்தது.