இடம் உண்டு: இரண்டே ஒத்திகையில் ஒரு கிறிஸ்துமஸ் நாடகம்

சென்ற ஆண்டுக் கிறிஸ்துமஸ் விழாவில், நாடகம் தொடங்க அரை மணி நேரமே இருக்கையில், யோசேப்பாக நடிக்கவிருந்த சிறுவனுக்குக் காய்ச்சல் கண்டது. அவனுக்கு மட்டும் 14 வசனங்கள் இருந்தன. அவற்றை அந்நேரத்தில் வேறொரு பிள்ளைக்குக் கற்பிக்க இயலவில்லை; நாடகத்தைக் கைவிட்டோம். மாலையில் அவனைப் பார்க்கச் சென்றபோது, "என்னாலதான் நாடகம் நின்னுபோச்சா?" என்று கேட்டான். எங்கள் தன்னார்வலர் குழுவினர் ஒருவராலும் அவனுக்கு மறுமொழி கூற முடியவில்லை.

பிழை அவனுடையதன்று, எழுதிய எங்களுடையது. மருத்துவமனையில் எந்தப் பிள்ளை எந்த நேரத்தில் பரிசோதனைக்கு அழைக்கப்படும், எது களைத்து உறங்கிவிடும் என்பதை யாரும் அறியார். ஆகவே, எந்தப் பிள்ளை வராவிட்டாலும் நிற்காத ஒரு நாடகத்தை இவ்வாண்டு எழுதினோம். கதையை முழுவதும் சொல்பவர் பெரியவர் ஒருவர். அவர் தாளைப் பார்த்தே வாசிப்பார். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு வசனம். அதுவும் ஐந்து சொற்களுக்குள். ஒவ்வொரு பாத்திரத்திற்கும், அப்பிள்ளை வராதபோது கதைசொல்லி வாசிக்க வேண்டிய மாற்று வரி ஒன்று முன்னரே எழுதப்பட்டிருக்கும்.

இக்கதை இத்தகைய மாற்றங்களுக்கு இடந்தருவதே. லூக்கா நற்செய்தியில் சத்திரத்தில் இடமில்லை என்ற செய்தி மட்டுமே உண்டு. சத்திரக்காரர் என்று ஒருவர் பேசுவதில்லை. மத்தேயு நற்செய்தியிலும் காணிக்கைகள் மூன்று என்று இருக்கிறதேயன்றி, ஞானிகள் மூவர் என்று இல்லை. ஆகவே கதவைத் திறப்பவர் எத்தனை பேர், கும்பிட வருபவர் எத்தனை பேர் என்பதை, வரும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். கீழே உள்ள நாடகத்தில் மேய்ப்பர்களை மட்டும் சேர்த்திருக்கிறோம்.

நாடகம்

(அனைவரும் அமர்ந்திருக்கின்றனர். "தட், தட், தட்" என்னும் ஒலியைப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து மேசையிலோ கட்டிலின் தட்டிலோ எழுப்புவர்.)

கதைசொல்லி: நெடுந்தொலைவு நடந்து யோசேப்பும் மரியாளும் பெத்லகேமுக்கு வந்து சேர்ந்தார்கள். இருட்டிவிட்டது. முதலில் சத்திரத்தின் கதவைத் தட்டினார்கள்.

அனைவரும்: தட், தட், தட்!

யோசேப்பு: இன்றிரவு தங்க இடம் உண்டா?

சத்திரக்காரர்: இல்லை. எல்லா அறையும் நிரம்பிவிட்டது.

கதைசொல்லி: மரியாளுக்குக் கால் வலித்தது. அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

அனைவரும்: தட், தட், தட்!

வீட்டுக்காரர்: இல்லை. விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள்.

மரியாள்: இன்னும் ஒரு கதவு தட்டலாம்.

கதைசொல்லி: தெருக்கோடியில் ஒரு சிறிய கதவு. அதை மெதுவாகத் தட்டினார்கள்.

அனைவரும் (மிக மெதுவாக): தட், தட், தட்!

தொழுவக்காரர்: இடம் உண்டு. உள்ளே வாருங்கள்.

கதைசொல்லி: அது மாட்டுத் தொழுவம். அங்கே இயேசு பிறந்தார். தீவனத் தொட்டியே அவருக்குத் தொட்டில் ஆயிற்று. வயல்வெளியில் ஆடுகளைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்கள் செய்தி கேட்டு ஓடி வந்தார்கள். அவர்களும் கதவைத் தட்டினார்கள்.

அனைவரும்: தட், தட், தட்!

மேய்ப்பர்கள்: எங்களுக்கும் இடம் உண்டா?

அனைவரும்: இடம் உண்டு!

மாற்று வரிகள்

யோசேப்பு வராவிடில்: "யோசேப்பு கழுதையைக் கட்டப் போயிருந்தார், மரியாளே தங்க இடம் கேட்டாள்." மரியாள் வராவிடில்: "மரியாள் களைப்பால் கண் மூடியிருந்தாள்; இன்னும் ஒரு கதவு தட்டலாம் என்று யோசேப்பு எண்ணினார்." இருவரும் வராவிடில், கூட்டமே சேர்ந்து இடம் கேட்கும். சத்திரக்காரர் வராவிடில்: "உள்ளிருந்து ஒரு குரலும் வரவில்லை." வீட்டுக்காரருக்கும் இதே வரி போதும். மேய்ப்பர்களின் வசனத்தைப் பெற்றோர் சொல்லலாம்.

தொழுவக்காரரின் வரி மட்டும் விடுபடக் கூடாது. கதை திரும்புவது அங்கேதான். அப்பிள்ளை வராவிடில் கதைசொல்லி பிள்ளைகளைப் பார்த்து, "இவர்களுக்கு இடம் உண்டா?" என்று கேட்க வேண்டும். கூட்டமே விடை சொல்லிவிடும்.

முதல் ஒத்திகை

விழாவுக்கு மூன்று நாள் முன்பு, 40 நிமிடம். மருந்து, உணவு நேரங்களைச் செவிலியரிடம் கேட்டு, அவற்றுக்கு இடைப்பட்ட வேளையைத் தேர்ந்துகொள்கிறோம். பாத்திரங்களை உடனே பங்கிடுவதில்லை. கதையை ஒருமுறை வாசித்து, தட்டும் ஒலியை மட்டும் அனைவருக்கும் பழக்குகிறோம். ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளையும் மறு கையால் தட்ட முடியும். இரண்டாம் வாசிப்பில், எந்த வசனத்தைச் சொல்ல விருப்பம் என்று பிள்ளைகளையே கேட்கிறோம். வசனம் சொல்லும்போது ஒரு பிள்ளை எங்கள் உதட்டையே பார்க்குமாயின் அவ்வரி அதற்கு நீளம் என்று பொருள், உடனே சுருக்கிவிடுகிறோம். "இல்லை" என்ற ஒரு சொல்லே சத்திரக்காரருக்குப் போதும்.

இரண்டாம் ஒத்திகை

விழாவின் முந்தைய நாள், நாடகம் நடக்கும் இடத்திலேயே, 30 நிமிடம். சக்கர நாற்காலியும் மருந்துக் கம்பியும் செல்ல மூன்றடி அகலப் பாதையை முதலில் ஒழுங்கு செய்கிறோம். ஒருமுறை முழுவதும் நடத்திப் பார்க்கிறோம். பிறகு ஒரு சீட்டு எடுத்து, அதில் பெயர் வந்த பிள்ளையைப் பார்வையாளராக அமர்த்தி, மாற்று வரியுடன் மீண்டும் நடத்துகிறோம். தான் இல்லாதபோதும் நாடகம் நடப்பதையும், தன் பாத்திரம் கதைக்குள்ளேயே இருப்பதையும் அப்பிள்ளை கண்ணால் காண்கிறது. இப்பயிற்சியை நாங்கள் ஒருபோதும் விடுவதில்லை. நாடகம் பத்து நிமிடத்தைக் கடந்தால் இரண்டாவது கதவை நீக்கிவிடலாம்.

வார்டுக்கு ஏற்றவை

தொழுவம் என்றதும் வைக்கோல் நினைவுக்கு வரும். வைக்கோலில் பூஞ்சை வித்துகள் இருக்கும். நோயெதிர்ப்பு குறைந்த பிள்ளைகளுக்கு அவை நுரையீரல் தொற்றை உண்டாக்கக்கூடும். மஞ்சள் காகிதக் கீற்றுகளே போதும். ஆக்சிஜன் பயன்படும் இடத்தில் மெழுகுவர்த்தி அறவே கூடாது. மின்கலத்தில் எரியும் சிறு விளக்கை வைக்கிறோம். ஒட்டுத் தாடி, முகமூடி ஆகியவற்றைப் பிள்ளைகள் மாற்றி மாற்றி அணிவதால் தொற்று பரவும். ஆளுக்கு ஒரு துவைத்த துண்டைத் தோளில் போடுவதே வேடம். அது ஊசி செருகிய இடத்தை மறைக்கலாகாது.

தனியறையில் இருக்கும் பிள்ளைக்குத் தொழுவக்காரர் பாத்திரத்தையே ஒதுக்கி வைத்திருக்கிறோம். தாய் அல்லது தந்தையின் கைப்பேசியில் காணொளி அழைப்பு. இங்கே எல்லோரும் மெதுவாகத் தட்டுவோம். அங்கிருந்து குரல் வரும். இரண்டு நொடித் தாமதம் நேரலாம். அவ்வமைதியைக் கதைசொல்லி நிரப்பாமல் காத்திருக்க வேண்டும். சென்ற ஆண்டு எங்களிடம் அக்கேள்வியைக் கேட்ட சிறுவன் மீண்டும் சிகிச்சைக்கு வந்திருக்கிறான், இம்முறை தனியறையில். தன் ஒரே வசனத்தை முதல் ஒத்திகையிலேயே கைப்பேசி வழியே சொல்லிவிட்டான்: "இடம் உண்டு. உள்ளே வாருங்கள்."