ஷவர் வாங்கும் முன் தொட்டியின் உயரம்

குளியலறைக் குழாய்களும் ஷவர்களும் பெரும்பாலும் அரை அங்குல மரையில் பொருந்துபவை. அது பெயரளவுதான், வெளிமரையின் விட்டத்தை அளந்தால் ஏறக்குறைய 21 மி.மீ. இருக்கும். மரை சரியாகப் பொருந்தினாலும் அழுத்தம் போதாவிட்டால் ஷவர் சொட்டத்தான் செய்யும். நீர்மட்டம் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் ஷவருக்கு 3 மீட்டர் மேலே என்றால் கிடைப்பது 0.3 பார், ஒரு தளம் கீழே ஏறக்குறைய 0.6 பார். குறைந்தபட்சம் 1 பார் கேட்கும் அகலமான மழை ஷவர், பிரஷர் பம்ப் இல்லாமல் இரண்டு இடத்திலும் வீண்செலவு.

பளபளப்பான குரோம் பூச்சில் உப்புநீரின் வெண்படலம் படியும். ஆசிட் போட்டுத் தேய்த்தால் பூச்சே கெடும். ஆர்டர் கொடுக்கும் முன், சுவரில் இருப்பது உள்மரையா வெளிமரையா என்று பார்த்து, தொட்டியின் அடிமட்டத்திலிருந்து ஷவர் வரை உயரத்தை அளந்துகொள்ளுங்கள்.