நூறு டன்னை மலையேற்ற எத்தனை குதிரைத்திறன் வேண்டும்?

மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் ஊட்டி ரயில் கல்லாறு வரை சாதாரண ரயிலாகத்தான் ஓடுகிறது. கல்லாற்றைத் தாண்டியதும் தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் தொடங்குகின்றன. அங்கிருந்து குன்னூர் வரை மிகச் செங்குத்தான இடங்களில் ஏற்றம் 12-க்கு 1. அதாவது, 12 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் மேலே ஏறியாக வேண்டும். ரயில் பாதைகளில் 100-க்கு 1 என்பதே கவனிக்க வேண்டிய ஏற்றம். இந்த இடத்தில் அதைப்போல எட்டு மடங்குக்கு மேல்.

இந்த ஏற்றத்தில் ரயில் மணிக்கு சுமார் 13 கிலோமீட்டர் வேகத்தில், கூடாமல் குறையாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் மாறவில்லை என்றால் எஞ்சினுக்குப் பெரிய வேலை இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். சமதரையில் அது ஓரளவு உண்மை. ஏற்றத்தில் உண்மை இல்லை. ரயிலின் எடையில் ஒரு பங்கு ஒவ்வொரு நொடியும் அதைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த இழுப்புக்குச் சரிசமமாக எஞ்சின் தள்ளினால்தான் வேகம் அப்படியே நிற்கும். கொஞ்சம் குறைத்துத் தள்ளினாலும் ரயில் மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றுவிடும்.

அந்தப் பங்கு எவ்வளவு? இந்த மாதிரி ஏற்றங்களுக்குக் கணக்கு மிகச் சுலபம். எடையை 12-ஆல் வகுத்தால் போதும். எஞ்சின், பெட்டிகள், பயணிகள் எல்லாம் சேர்த்து 100 டன் என்று கொள்வோம். 12-ஆல் வகுத்தால் 8.3 டன். இதோடு சக்கரம் உருள்வதிலும், வளைவுகளில் உரசுவதிலும், பற்கள் கடிப்பதிலும் ஏற்படும் தடைக்கு டன்னுக்கு 10 கிலோ வீதம் மொத்தம் 1 டன் சேர்க்கலாம். ஆக எஞ்சின் இடைவிடாமல் 9.3 டன் விசையுடன் தள்ள வேண்டும். சமதரையில் என்றால் அந்த 1 டன் விசையே போதுமாக இருந்திருக்கும்.

தள்ளுவது என்றுதான் சொல்ல வேண்டும். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை எஞ்சின் பெட்டிகளுக்குக் கீழ்ப்பக்கம் நின்று மேலே தள்ளிக்கொண்டு போகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் தனியே பின்னோக்கி ஓடிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இழுத்தாலும் தள்ளினாலும் விசைக் கணக்கு ஒன்றே.

இனி திறனுக்கு வருவோம். 75 கிலோவை ஒரு நொடியில் 1 மீட்டர் தூக்கினால் அது ஒரு குதிரைத்திறன். மணிக்கு 13 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 3.6 மீட்டர். ஏற்றம் 12-க்கு 1 என்பதால், நொடிக்கு 3.6 மீட்டர் ஓடும் ரயில் நொடிக்கு 30 சென்டிமீட்டர் உயர்கிறது. நூறு டன்னை நொடிக்கு 30 சென்டிமீட்டர் தூக்குவதற்கு 400 குதிரைத்திறன் வேண்டும். உருளும் தடைக்கு 48. மொத்தம் ஏறக்குறைய 450 குதிரைத்திறன். இந்த நீராவி எஞ்சினின் எடை மட்டுமே சுமார் 50 டன். ஆகவே அந்த 400-ல் பாதி, எஞ்சின் தன்னைத்தானே மேலே தூக்கிக்கொள்வதற்கே போய்விடுகிறது. மலைப்பாதைக்குப் பெரிய எஞ்சினாகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தச் செலவை மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கில் முக்கியமான ஒன்று உண்டு. தேவையான விசைக்கும் வேகத்துக்கும் ஏறக்குறைய தொடர்பே இல்லை. மணிக்கு 5 கிலோமீட்டரில் ஏறினாலும் 13-ல் ஏறினாலும் அதே 9.3 டன்தான். வேகத்தோடு கூடுவது திறன் மட்டுமே. இதே ரயிலை 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற நினைத்தால் 1,000 குதிரைத்திறனுக்கு மேல் தேவைப்படும். ஆகவே திறன் குறைந்தால் அதற்கு மருந்து உண்டு, மெதுவாகப் போகலாம். விசை குறைந்தால் மெதுவாகப் போவதால் பயன் இல்லை.

விசை எங்கே குறையும்? எஞ்சினுக்குள் அல்ல, சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்தில். காய்ந்த இரும்பின் மேல் இரும்புச் சக்கரம், தன்மேல் இறங்கும் எடையில் கால் பங்கு வரை வழுக்காமல் தள்ளும். மழையில் நனைந்து இலைகளும் விழுந்து கிடந்தால் அது பத்தில் ஒரு பங்காகக் குறையலாம். எஞ்சினின் 50 டன்னும் இயங்கு சக்கரங்களின் மேலேயே இறங்குவதாகக் கொண்டாலும் வெயில் நாளில் 12.5 டன் விசை கிடைக்கும், மழை நாளில் 5 டன்தான். தேவை 9.3 டன். மழை ஓயாத மலைச்சரிவில் இது நடக்காத காரியம். அதனால்தான் சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் வடிவமைத்த முறைப்படி, பற்கள் ஒன்றுக்கொன்று தள்ளியிருக்குமாறு இரண்டு பட்டைகளை நடுவில் பதித்தார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைக் கடித்து ஏறுகிறது. ஒரு பட்டையில் பல் விலகும்போது அடுத்ததில் கடித்திருக்கும். குன்னூர் வரையிலான பாதை 1899-ல் திறந்தது முதல் இதுவே முறை.

குன்னூருக்கு மேலே பல் பட்டை கிடையாது. ஏற்றமும் ஏறக்குறைய 25-க்கு 1 ஆகக் குறைகிறது. அங்கே ஓடும் டீசல் எஞ்சினின் எடை 72 டன், திறன் 1,400 குதிரைத்திறன். அதே 50 டன் பெட்டிகளோடு சேர்த்தால் மொத்தம் 122 டன். தேவையான விசை சுமார் 6 டன். மழையிலும் 72 டன் எடைக்கு 7 டன் பிடிமானம் கிடைக்கும் என்பதால் ஏறிவிடுகிறது. இதே எஞ்சினைக் கல்லாற்று ஏற்றத்தில் விட்டால் 11 டன்னுக்கு மேல் விசை வேண்டும். அதற்கான திறன் அதனிடம் தாராளமாக இருக்கிறது. 13 கிலோமீட்டர் வேகத்துக்கு 550 குதிரைத்திறன் போதும். ஆனால் பிடிமானம் அதே 7 டன்தான். ஆகவே இருக்கும் திறன் பயன்படாமல், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

இரண்டு கோளாறுகளையும் காதாலேயே பிரித்தறியலாம். நீராவி எஞ்சின் விடும் மூச்சு மெதுவாகிக்கொண்டே வந்தால் கொதிகலன் போதிய நீராவியைக் கொடுக்கவில்லை, திறன் குறைகிறது. மூச்சு திடீரென்று படபடவென்று வேகமெடுத்து ரயில் நகராமல் நின்றால் சக்கரம் வழுக்குகிறது. அங்கே நீராவியைக் குறைத்து, தண்டவாளத்தில் மணல் தூவ வேண்டும். நீராவியைக் கூட்டுவது வழுக்கலைத்தான் கூட்டும்.

மலைச்சாலையில் கார் ஓட்டுவோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். 1.2 டன் கார் 12-க்கு 1 ஏற்றத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, எல்லாத் தடைகளும் சேர்த்து சுமார் 18 குதிரைத்திறன் போதும். காரின் எஞ்சின் 80 குதிரைத்திறன் என்று விளம்பரத்தில் இருக்கும். அது எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது கிடைப்பது. அதே 40 கிலோமீட்டரில் ஐந்தாவது கியரில் எஞ்சின் 1,300 சுற்றுதான் சுற்றும். அப்போது அதனால் 15 குதிரைத்திறன்கூடத் தர முடியாமல் வண்டி உதறும். மூன்றாவது கியரில் சுற்று கூடுவதால் 25-க்கு மேல் கிடைத்துவிடும். ஆக்சிலரேட்டரை அழுத்தி அழுத்திப் பார்ப்பதால் பயனில்லை. மலைப்பாதையில் வண்டி உதறத் தொடங்கும்வரை காத்திருக்காமல், ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள்.