பட்டறைக்கு மூன்று ஃபேஸ்: சுமையைப் பிரிக்கும் முறை

ஒற்றை ஃபேஸ் இணைப்பில் ஒரு ஃபேஸ் கம்பியும் நியூட்ரலும் வரும். இவற்றுக்கு இடையே 230 வோல்ட். மூன்று ஃபேஸ் இணைப்பில் மூன்று ஃபேஸ் கம்பிகளும் நியூட்ரலும் வரும். எந்த இரு ஃபேஸ்களுக்கும் இடையே சுமார் 400 வோல்ட். 3 குதிரைத்திறன் லேத் மோட்டார் ஒற்றை ஃபேஸில் சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். மூன்று ஃபேஸில் ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 5 ஆம்பியர்தான். அது கெப்பாசிட்டர் இல்லாமலே கிளம்பும், சீராகவும் சுழலும்.

மூன்று ஃபேஸ் மோட்டார் தன் சுமையைத் தானே சமமாகப் பிரித்துக்கொள்ளும். ஒற்றை ஃபேஸ் கருவிகளைத்தான் ஆள் பிரிக்க வேண்டும். ஒரு பட்டறையில் வெல்டிங் செட் 16 ஆம்பியர், கம்ப்ரசர் 10, துளையிடும் எந்திரம் 5, கிரைண்டர் 4, விளக்கும் விசிறியும் 3 என்று கொள்வோம். எல்லாம் ஒரே ஃபேஸில் இருந்தால் அதிலும் நியூட்ரலிலும் 38 ஆம்பியர் ஓடும். வெல்டிங்கை முதல் ஃபேஸிலும், கம்ப்ரசர், விளக்கு, விசிறியை இரண்டாவதிலும், மற்றவற்றை மூன்றாவதிலும் வைத்தால் 16, 13, 9 என்று பிரியும். நியூட்ரலில் சுமார் 6 ஆம்பியரே மிஞ்சும்.

ஒன்றாக ஓடும் கருவிகளை வெவ்வேறு ஃபேஸ்களில் வைப்பதே முக்கியம். வேலை நடக்கும்போது கிளாம்ப் மீட்டரால் நான்கு கம்பிகளையும் அளந்தால் நிலைமை தெரியும். சில விளக்குகள் மங்கி, சில அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம். சுமை குறைந்த ஃபேஸில் வோல்டேஜ் ஏறிக் கருவிகள் எரியும். உடனே மெயினை அணைக்க வேண்டும்.