மிதமான சரிவுக்கு ஒரு கணக்கு: பேர் புட் ஸ்பிரெட்

பங்குச் சந்தை சற்றே இறங்கும், ஆனால் பெருஞ்சரிவு நேராது என்று கருதும் முதலீட்டாளருக்கு உரிய ஆப்ஷன் உத்திகளுள் ஒன்று பேர் புட் ஸ்பிரெட். ஒரே முடிவு நாளைக் கொண்ட இரண்டு புட் ஆப்ஷன்களில், உயர்ந்த ஸ்டிரைக் விலையுடையதை வாங்கி, தாழ்ந்த ஸ்டிரைக் விலையுடையதை விற்பதே இதன் அமைப்பு.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நிஃப்டி குறியீடு 25,000 புள்ளிகளில் உள்ளது. ஒரு லாட் என்பது 65 எனக் கொள்வோம். 25,000 புட்டை 200 ரூபாய் பிரீமியம் செலுத்தி வாங்குகிறோம். 24,600 புட்டை விற்று 80 ரூபாய் பெறுகிறோம். நிகரச் செலவு 120 ரூபாய். ஒரு லாட்டுக்கு 7,800 ரூபாய். முடிவு நாள் வரை வைத்திருந்தால் நமக்கு நேரக்கூடிய அதிகபட்ச நட்டமும் இதுவே. தரகும் வரிகளும் தனி.

வாங்கிய ஸ்டிரைக் விலையிலிருந்து நிகரச் செலவைக் கழித்தால் சமநிலைப் புள்ளி கிடைக்கும்: 24,880. முடிவு நாளில் நிஃப்டி இதற்குக் கீழே சென்றால்தான் லாபம். இரு ஸ்டிரைக் விலைகளுக்கும் இடையிலுள்ள 400 புள்ளிகளிலிருந்து 120-ஐக் கழித்தால் 280. எனவே அதிகபட்ச லாபம் லாட்டுக்கு 18,200 ரூபாய். நிஃப்டி 24,600-க்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் இத்தொகை உயராது. வாங்கிய புட் தரும் கூடுதல் லாபத்தை விற்ற புட்டின் நட்டம் ஈடுசெய்துவிடும்.

அப்படியாயின் 25,000 புட்டை மட்டும் வாங்கினால் என்ன? செலவு 13,000 ரூபாய். சமநிலைப் புள்ளி 24,800. நிஃப்டி 24,600-ல் முடிந்தால் தனிப் புட் தருவது 13,000 ரூபாய்; ஸ்பிரெட் தருவது 18,200. ஆனால் 24,200-ல் முடிந்தால் தனிப் புட் 39,000 ரூபாய் ஈட்டும். ஸ்பிரெட்டோ 18,200-லேயே நிற்கும். இவ்விரண்டும் சமமாகும் இடம் 24,520. அதற்கும் கீழே சந்தை செல்லும் என எண்ணுவோருக்கு இந்த உத்தி பொருந்தாது.

நடைமுறையில் மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, தொடங்கும்போது முதலில் வாங்கி, பின்னர் விற்க வேண்டும். வெளியேறும்போது விற்ற புட்டை முதலில் திரும்ப வாங்கி முடிக்க வேண்டும். வரிசை மாறினால், பாதுகாப்பற்ற விற்பனை மட்டும் கையில் நின்று, மார்ஜின் தேவை வெகுவாக உயரும். இரண்டாவது, நிஃப்டி விரைவிலேயே 24,600-ஐத் தொட்டாலும் முழு லாபம் அன்றே கணக்கில் தோன்றாது; விற்ற புட்டில் காலமதிப்பு எஞ்சியிருக்கும். மூன்றாவது, குறியீட்டு ஆப்ஷன்கள் பணமாகவே தீர்க்கப்படுகின்றன. தனிப் பங்குகளின் ஆப்ஷன்களிலோ பங்குகளையே ஒப்படைக்க நேரிடும். இரு ஸ்டிரைக் விலைகளுக்கு இடையில் பங்கின் விலை முடிந்தால், வாங்கிய புட்டுக்காக ஒரு லாட் பங்குகளை நாம் வழங்க வேண்டிவரும். பங்குகள் கைவசம் இல்லாதோர் முடிவு நாளுக்கு முன்பே இரண்டையும் முடித்துக்கொள்வது நலம்.