கட்டைவிரல் எட்டாத மணல்

அடுக்குமாடிக் கட்டடத்துக்கு முன் மனையில் துளையிட்டு மண் பரிசோதனை செய்வார்கள். எந்த ஆழத்தில் என்ன மண் என்று அங்கேயே எழுதிவைக்கும் தாள்தான் போர் லாக். புதிதாகச் சேரும் பயிற்சியாளருக்கு முதலில் கிடைக்கும் வேலை அதுதான்.

63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்து, ‘ஸ்பூன்’ எனப்படும் பிளவுக் குழாயை மண்ணுக்குள் இறக்கும். முதல் 15 செ.மீ.க்கான அடிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்த 30 செ.மீ.க்கு விழுந்த அடிகளே ‘என்’ மதிப்பு.

4.5 மீட்டரில் கருஞ்சாம்பல் களிமண் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடிகள் 1, 1, 2. அதாவது என் மதிப்பு 2-ம் 1-ம் சேர்ந்து 3. குழாயைப் பிரித்ததும், காய்வதற்குள், மாதிரியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். குழாய்ச் சுவரை ஒட்டிய மேல்பூச்சு ஏற்கெனவே குழைந்திருக்கும். அதை நம்பாமல், கத்தியால் வெட்டி நடுப்பகுதியைச் சோதிப்பதே சரி. லேசாக அழுத்தியதும் விரல் இரண்டரை செ.மீ. அளவுக்கு இறங்கினால் அது மிருதுவான களி. கொஞ்சம் பலம் கொடுத்தால்தான் இறங்கும் என்றால் நடுத்தரம். அழுத்தினால் பள்ளம் மட்டும் விழுந்தால் விறைப்பு. நகம் மட்டுமே பதிந்தால் மிக விறைப்பு. நகமும் சிரமப்பட்டால் கடினம். விரல் சொல்வதும் அடிகள் சொல்வதும் முரண்பட்டால், இரண்டையும் அப்படியே எழுதிவிட வேண்டும். ஒன்றுக்காக மற்றதைத் திருத்தக் கூடாது.

மணலில் இந்த வித்தை செல்லாது. தோண்டிய குழியின் தரையில் என்றால், 12 மி.மீ. கம்பியைக் கையால் குத்திப் பார்க்கலாம். எளிதாக இறங்கினால் தளர்ந்த மணல். ஆனால் துளையிலிருந்து மேலே வரும் மணல் தன் அடுக்கை இழந்துவிட்டது. அதை எவ்வளவு பிசைந்தாலும் கீழே எப்படி இருந்தது என்று தெரியாது. நிறம், பருமன், அதில் கலந்த வண்டல் ஆகியவற்றைத்தான் கையால் சொல்லலாம். நெருக்கத்தை அடிகளே சொல்லும்: 4 முதல் 10 வரை தளர்வு, 10 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் நெருக்கம்.

அந்த அடிகளும் சில நேரம் ஏமாற்றும். அதே துளையில் 9 மீட்டரில் மணல். அடிகள் 2, 3, 3. என் மதிப்பு 6, ஆகவே தளர்வு என்று எழுதத் தோன்றும். அடுத்து 10.5 மீட்டரில், அதே போன்ற மணலில், 28 வருகிறது. இங்கேதான் சந்தேகப்பட வேண்டும். துளைக்குள் தண்ணீர் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், வெளியிலிருந்து பாயும் நீர் அடிமணலைக் கிளப்பி மேலே தள்ளும். கலைந்த மணலில் சுத்தியல் சுலபமாக இறங்கும். ஸ்பூனை இறக்கும் முன் நாடாவை விட்டு அளந்தால் குட்டு வெளிப்படும்: 9 மீட்டர் தோண்டிய துளையில் நாடா 8.6-லேயே நின்றால், 40 செ.மீ. மணல் ஏறியிருக்கிறது. துளையில் தண்ணீரோ பென்டோனைட் குழம்போ எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்கும்படி நிரப்பி, சுத்தம் செய்து, கலையாத ஆழத்தில் மறுபடி அடித்துப் பார்க்க வேண்டும்.

பழைய 6-ஐ அழித்துவிடக் கூடாது. அதன் பக்கத்தில் ‘அடிமணல் 40 செ.மீ. ஏறியது, மதிப்பு நம்பத்தகாதது’ என்ற குறிப்போடு, துளைநீர் நின்ற ஆழத்தையும் எழுதிவைத்தால், அஸ்திவாரத்தை வடிவமைப்பவர் அந்த எண்ணை ஒதுக்கிவிடுவார்.